டப்பாவின் பின்பக்கம்

ஆன்லைனில் 'ஹெர்பல்' என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும் டப்பாக்கள் பார்வைக்கு ஒரே குடும்பமாகத் தெரியும். இந்தியச் சட்டத்தின் கண்ணில் அவை இரண்டு குடும்பங்கள். ஒன்று மருந்து. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வரும் சித்த, ஆயுர்வேத, யுனானித் தயாரிப்புகள் இவை. இவற்றின் லேபிளில் 'சித்த மருந்து' அல்லது 'ஆயுர்வேத மருந்து' என்ற சொல்லும் தயாரிப்பு உரிம எண்ணும் இருக்கும். உரிமம் 25-டி என்ற படிவத்தில் தரப்படுவதால் பல டப்பாக்களில் எண்ணோடு '25டி' ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மற்றது உணவு. ஹெல்த் சப்ளிமெண்ட், நியூட்ராசூட்டிகல் என்ற பெயர்களில் விற்கும் மாத்திரைகளும் பொடிகளும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன. அவற்றில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற ஆங்கில வாசகமும் இருக்க வேண்டும்.

ஒரே அமுக்கராக் கிழங்கு ஒரு டப்பாவில் மருந்தாகவும் அடுத்த டப்பாவில் உணவாகவும் விற்கலாம். இரண்டும் சட்டப்படி சரிதான். உணவு எண்ணை வைத்துக்கொண்டு 'சர்க்கரை நோய் 40 நாளில் குணம்' என்று எழுதுவதுதான் சட்டத்துக்குப் புறம்பு. மருந்து உரிமம் உள்ள டப்பாவும் சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்ய முடியாது. 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கும் நோய்களில் அதுவும் ஒன்று. இரண்டு எண்களில் ஒன்றுகூட இல்லாத டப்பாவில் விபரீதம் நடந்தால் பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

மருந்து வகை லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை விதி 161 சொல்கிறது. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண், பேட்ச் எண், தயாரித்த நாள், சேர்ந்துள்ள ஒவ்வொரு சரக்கின் பெயர், தாவரத்தின் எந்தப் பாகம், எவ்வளவு எடை என்பவை அதில் அடக்கம். பழைய நூலின் பாடப்படி செய்ததென்றால் அந்த நூலின் பெயரும் வேண்டும். இன்று காலாவதி நாளும் கட்டாயம்.

அமுக்கரா சூரணத்தின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். சித்த மருத்துவப் பாடத்தில் இதன் அளவு ஒரு கணக்குப் புதிர் போல இருக்கும். கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு என்று ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரு மடங்காக ஏறும். கடைசியில் எல்லாச் சரக்கின் எடைக்கும் ஏறக்குறையச் சமமாகச் சர்க்கரை சேரும். இந்தப் பாடத்தின்படி செய்த சூரணத்தில் பாதி சர்க்கரை, கால்வாசிதான் அமுக்கரா. '10 கிராமில் உள்ளவை' என்று தொடங்கும் பட்டியலைக் கூட்டிப் பார்ப்பவருக்கே இது தெரியும். வெளிநாட்டில் இருக்கும் நீரிழிவுக்கார மாமாவுக்கு அரைக் கிலோ வாங்கி அனுப்புகிறவர் கால் கிலோ சர்க்கரையும் சேர்த்து அனுப்புகிறார். பட்டியலைக் கூட்டினால் 10 கிராம் வரவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான்: சொல்லாமல் விட்ட சரக்கு ஒன்று உள்ளே இருக்கிறது, அல்லது லேபிளைத் தயாரித்தவருக்குக் கவனம் இல்லை.

தாவரப் பாகமும் வெறும் சம்பிரதாயம் அல்ல. அமுக்கராவில் மருந்தாவது வேர். இலை மலிவு என்பதால் அதை அரைத்துக் கலக்கும் வழக்கம் பரவியது. இலையைப் பயன்படுத்தக் கூடாதென்று ஆயுஷ் அமைச்சகம் 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. வெறுமனே 'அஸ்வகந்தா எக்ஸ்ட்ராக்ட்' என்று மட்டும் எழுதி, வேரா இலையா என்று சொல்லாத மாத்திரை அந்தக் கேள்வியைத் தவிர்க்கிறது.

லேபிள் படிப்பதில் வழுக்கிவிடும் இடம் பெயர்கள்தான். மேலே சொன்ன சிறுநாகப்பூ ஒரு மரத்தின் பூ. அதற்கும் உலோகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'நாகம்' என்று தனியாக வந்தால் அது உலோகம். அதிலும் சித்தத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் ஈயம். ஆகவே சித்த மருந்துக் கடையின் நாக பற்பமும் வடநாட்டுக் கம்பெனியின் நாக பஸ்மமும் பெயரால் உடன்பிறப்புகள், பொருளால் அந்நியர்கள். சித்தத்தில் ஈயத்துக்குக் காரீயம், கருவங்கம் என்று பெயர். இரசம், லிங்கம், பூரம், வீரம் ஆகியவை பாதரசத்தின் முகங்கள். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் ஆகியவற்றில் ஆர்சனிக் இருக்கிறது. ஆயுர்வேத லேபிளில் பாதரசம் 'பாரத' என்றும், லிங்கம் 'ஹிங்குல' என்றும், தாளகம் 'ஹரிதாள' என்றும் வரும். மூட்டு வலிக்குப் பலரும் கேட்டு வாங்கும் யோகராஜ குக்குலு மூலிகைச் சரக்குகளால் ஆனது. அதன் முன்னால் 'மகா' என்ற ஒரு சொல் சேர்ந்துவிட்டால் பாடத்தில் ஈய பஸ்மமும் பாதரசம் சேர்ந்த ரசசிந்தூரமும் நுழைந்துவிடுகின்றன. போனில் "அந்த யோகராஜ குக்குலுதான், பெரிசா பார்த்து வாங்கிட்டு வாங்க" என்று கேட்பவருக்கும், கடையில் நின்று வாங்குபவருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

இதற்காகவே சட்டத்தில் அட்டவணை ஈ-1 என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எட்டி, நாபி, சேங்கொட்டை, ஊமத்தை முதல் இரசம், பாஷாணம் வரை நஞ்சுள்ள சரக்குகள் அதில் உள்ளன. இவற்றில் ஏதேனும் சேர்ந்த உள்மருந்தின் லேபிளில், மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும். 'காஷன்' என்று தொடங்கும் அந்த ஒற்றை வரி பெரும்பாலும் பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கும். உறவினருக்காக வாங்குபவர் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைத் தேடிப் பார்க்கலாம். அந்த வரி இருந்தால் அது பையில் போட்டு அனுப்பும் சரக்கு அல்ல; மருத்துவர் நாடி பார்த்து, அனுபானம் சொல்லி, இத்தனை நாள் என்று கணக்கிட்டுக் கொடுக்க வேண்டியது.

லேபிளில் எழுதிய உலோகம் கண்ணுக்குத் தெரிகிறது. எழுதாத உலோகம்தான் சிக்கல். அது பல வழிகளில் வருகிறது: செடி வளர்ந்த மண், அரைக்கும் இயந்திரம், உலோக மருந்து அரைத்த அதே கல்வம், நிறத்துக்காகச் சேர்த்த சாயம். மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் தர ஈயக் குரோமேட் பூசுவது வங்கதேசத்தில் 2019இல் ஆய்வாளர்களால் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த மஞ்சளை உண்டவர்களின் இரத்த ஈயத்துக்கும் மஞ்சளில் இருந்த ஈயத்துக்கும் உள்ள தொடர்பும் அப்போது தெரிந்தது.

அமெரிக்காவில் ராபர்ட் சேப்பர் என்ற மருத்துவரின் குழு 2004இல் பாஸ்டன் பகுதியில் உள்ள தெற்காசிய மளிகைக் கடைகளில் 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்தது. 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. 2008இல் அதே குழு இணையத்தில் விற்ற 193 தயாரிப்புகளை எடுத்தது; மீண்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. உலோகம் சேர்க்கும் ரசசாஸ்திர மருந்துகளில் விகிதம் அதிகம் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் மூலிகை மட்டும் என்று விற்றவற்றிலும் 17 சதவீதத்தில் உலோகம் இருந்தது. அமெரிக்காவில் தயாரானவை இந்தியாவில் தயாரானவற்றைவிட மேலாக இல்லை. உலோகம் இருந்த தயாரிப்புகளில் முக்கால்வாசி, நல்ல உற்பத்தி முறையைப் பின்பற்றுவதாகத் தங்கள் இணையப் பக்கத்தில் சொல்லிக்கொண்டவை. ஜி.எம்.பி. என்ற மூன்று எழுத்தைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு இல்லை.

இந்தியா 2006ஆம் ஆண்டு முதல், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கியது. வரம்பு: ஈயம் 10 பி.பி.எம்., ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஒரு பி.பி.எம். என்றால் ஒரு கிராமில் ஒரு மைக்ரோகிராம். இங்கே ஒரு சின்னக் கணக்கு தேவை. வரம்பின் விளிம்பில், 10 பி.பி.எம். ஈயத்தோடு ஒரு சூரணம் இருக்கிறது என்று கொள்வோம். வேளைக்கு 2 கிராம், நாளுக்கு இரு வேளை. 4 கிராமில் 40 மைக்ரோகிராம் ஈயம் உள்ளே போகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு உணவு வழியாக நாளொன்றுக்கு வைத்திருக்கும் குறிப்பு அளவு 8.8 மைக்ரோகிராம், குழந்தைகளுக்கு 2.2. சோதனையில் தேறிய சூரணமே அந்த அளவைப்போல் நான்கு மடங்குக்கு மேல் தருகிறது. சமையலில் சிட்டிகை போடும் பொருளுக்கும் ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடும் பொருளுக்கும் ஒரே பி.பி.எம். ஒரே பொருள் தராது என்பதை லேபிள் சொல்வதில்லை.

வரம்பை மீறினால் எண்கள் வேறு உலகத்துக்குப் போய்விடும். நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2011-12இல், இரத்தத்தில் ஈயம் ஏறிய ஆறு கர்ப்பிணிப் பெண்களைக் கண்டறிந்தது. ஐந்து பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளை அவர்கள் சாப்பிட்டிருந்தார்கள். சோதித்த மாத்திரைகளில் ஒன்றில் ஈயம் 2.4 சதவீதம் வரை இருந்தது. 24,000 பி.பி.எம்.! கால் கிராம் எடையுள்ள ஒரு மாத்திரைக்கு அது 6,000 மைக்ரோகிராம். கருப்பையைக் காக்க என்று கொடுக்கப்படும் பொருளில் உள்ள ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும். அந்தப் பெண்களுக்கு அறிகுறி தெரிந்து கண்டுபிடித்தது அல்ல. அந்த நகரில் கர்ப்பிணிகளின் ஈய ஆபத்தைக் கேட்டறிந்து இரத்தம் பார்க்கும் ஏற்பாடு இருந்ததால் தெரிய வந்தது.

வீட்டில் இதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. பற்பத்தை விரல் ரேகையில் தேய்த்தால் படிய வேண்டும், தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும், பளபளப்பும் சுவையும் இருக்கக் கூடாது என்ற பழைய தேர்வுகள் பொடி எவ்வளவு நுண்மையாக அரைந்து புடமாகியிருக்கிறது என்பதைக் காட்டும். உடலுக்குள் எவ்வளவு ஈயம் உறிஞ்சப்படும் என்பதற்கு அவற்றிடம் பதில் கிடையாது. தேவை ஆய்வகச் சான்று. அதையும் படிக்கத் தெரிய வேண்டும். 'கன உலோகம்: விதிப்படி உள்ளது' என்று மட்டும் எழுதிய தாளால் பயன் இல்லை. ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் நான்குக்கும் தனித்தனி எண்கள் வேண்டும்; ஆய்வகத்தின் பெயரும் என்.ஏ.பி.எல். அங்கீகார எண்ணும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாளில் உள்ள பேட்ச் எண்ணும் டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரே சான்றைப் பிரதி எடுத்து எல்லா டப்பாவுக்கும் காட்டும் விற்பனையாளர் இந்தக் கடைசி இடத்தில்தான் பிடிபடுவார்.

உலோகத்துக்கு அடுத்த ஆபத்து, மூலிகை வேடத்தில் ஒளிந்திருக்கும் ஆங்கில மருந்து. இது எந்தப் பொருளில் இருக்கும் என்பதை ஊகிக்க முடியும், ஏனென்றால் வாங்குபவர் விரைவான பலனை எதிர்பார்க்கும் பொருளில்தான் கலப்பார்கள். ஆண்மைக்கு விற்பதில் சில்டெனாஃபில். உடல் இளைக்க விற்பதில், இதய ஆபத்தால் 2010இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமின். மூட்டு வலிக்கு விற்பதில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும். 'ஆர்ட்ரி கிங்' என்ற மூட்டுவலி சப்ளிமெண்டில் லேபிளில் இல்லாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபெனாக்கும் இருப்பதாக அமெரிக்க நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. பத்து வருட முழங்கால் வலி மூன்றே நாளில் பறந்து, நல்ல பசி எடுத்து, சில வாரத்தில் முகம் உப்பி, சர்க்கரை எகிறினால் அது ஸ்டீராய்டின் கையெழுத்து. அப்போது பயந்துபோய் மருந்தைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும். நிறுத்தியதும் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு வரலாம். டப்பாவோடு மருத்துவரிடம் போய், அவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அசல் நிறுவனத்தின் பெயரில் வரும் போலியை ஆன்லைனில் கண்டுபிடிப்பது கடையில் கண்டுபிடிப்பதைவிடக் கடினம், ஏனென்றால் படத்தில் இருக்கும் டப்பா ஒன்று, வீட்டுக்கு வருவது வேறொன்று. பெரிய தளங்களிலும் விற்பவர் பெரும்பாலும் மூன்றாம் நபர். 'விற்பவர்' என்ற வரியில் தயாரிப்பாளரின் பெயரோ அவர்கள் தங்கள் இணையதளத்தில் அறிவித்த முகவரின் பெயரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்க லேபிளின் படத்தைப் போடாத விற்பனையாளரிடம் கேட்டு வாங்கலாம். தர மறுத்தால் அதுவே பதில். பொருள் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை சில. பேட்ச் எண்ணும் தேதியும் லேபிளோடு சேர்த்து அச்சாகியிருக்கக் கூடாது. ஒவ்வொரு பேட்சுக்கும் மாறுபவை என்பதால் அவை தனியாக, பெரும்பாலும் புள்ளிப் புள்ளியான மையில் அடிக்கப்பட்டிருக்கும். அட்டைப் பெட்டியில் ஒரு பேட்ச், உள்ளே பாட்டிலில் வேறு பேட்ச் என்றால் பாட்டில் மாறியிருக்கிறது. மூடிக்கு அடியில் உள்ள அலுமினியச் சீல் அறுபடாமல் இருக்க வேண்டும். 'எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு' என்று எழுதிய சப்ளிமெண்ட் பொய் சொல்கிறது; அமெரிக்க நிர்வாகம் சப்ளிமெண்டுகளுக்கு முன் ஒப்புதல் தருவதே இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர் அங்கேயே வாங்கினால் சில நாடுகளில் சரிபார்க்க ஒரு பிடி கிடைக்கிறது. கனடாவில் அனுமதி பெற்ற இயற்கைப் பொருளில் என்.பி.என். என்ற எழுத்துகளோடு எட்டு இலக்க எண் இருக்கும். அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் தளத்தில் அதைத் தட்டினால் பொருளின் பெயரும் சரக்கும் வரும். ஆஸ்திரேலியாவில் 'ஆஸ்ட் எல்' அல்லது 'ஆஸ்ட் ஆர்' எண், பிரிட்டனில் டி.எச்.ஆர். முத்திரை. அமெரிக்காவில் அப்படிக் கட்டாய எண் எதுவும் இல்லை, யு.எஸ்.பி. போன்ற வெளி அமைப்பின் சான்று முத்திரையைப் பார்ப்பதுதான் வழி.

ஊரிலிருந்து கொண்டுபோகும் பையில் தவறாமல் நடக்கும் காரியம் ஒன்று உண்டு. இடம் மிச்சப்படுத்த டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, பொடியை ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ ஜிப் கவரிலோ கொட்டி, மேலே பேனாவால் 'கஷாயப் பொடி' என்று எழுதுவார்கள். அந்த நிமிடத்தில் பேட்ச் எண், சரக்குப் பட்டியல், காலாவதி நாள் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போய்விடுகின்றன. சுங்க அதிகாரிக்கு அது பெயரில்லாத பொடி. நாளை உடம்புக்கு வந்தால் அங்குள்ள மருத்துவருக்கும் அப்படித்தான். மூல டப்பா, கடை பில், மருத்துவர் எழுதிக் கொடுத்ததென்றால் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகியவை பொதுவாகச் சொந்த உபயோகத்துக்குச் சுமார் மூன்று மாத அளவை ஏற்கின்றன. அடுத்தவருக்காகக் கொண்டுபோகும் பை அவர் பெயரில் பதிவாவதில்லை. இறங்கும் இடத்தில் அது தூக்கி வந்தவருடைய பை. ஆஸ்திரேலியாவில் தாவரப் பொருள் எதுவானாலும் வருகைச் சீட்டில் அறிவித்தே தீர வேண்டும்.

சில சரக்குகளைக் கொண்டுபோகவே கூடாது. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் பையில் கசகசா இருந்தால் சிறை வரை போகலாம். சில லேகியங்களின் பாடத்தில் கஞ்சா இலை உண்டு. லேபிளில் அது 'விஜயா' என்ற மங்களகரமான பெயரில் உட்கார்ந்திருக்கும். கோஷ்டம் அழிவின் விளிம்பில் உள்ள தாவரங்களின் சர்வதேசப் பட்டியலில் இருப்பதால் அனுமதியின்றி எல்லை தாண்ட முடியாது. டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவையே தடை செய்தது. நாட்டு மருந்துக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தவை. அதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை அழித்துப் புற்றையும் உண்டாக்குவது பெல்ஜியத்தில் 1990களில் தெரிய வந்தது. அங்கே ஓர் உடல் இளைப்பு மருந்தில் சீன மூலிகை ஒன்று ஆள் மாறி இந்த இனத்துச் செடி நுழைந்திருந்தது. அதன் பிறகு பல நாடுகள் அதைத் தடுத்துவிட்டன.

சாப்பிட்டு வருபவருக்குக் காரணம் தெரியாத வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு, இரத்தசோகை சேர்ந்து வந்தால் ஈயத்தைச் சந்தேகிக்கலாம். கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்ந்தால் கல்லீரலை. ஈயத்துக்கு நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் சோதனை செய்வார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைக் கவனிக்க வேண்டிய எல்லையாக வைத்திருக்கிறது. மருத்துவரிடம் மூலிகை சாப்பிடுவதைச் சொல்லத் தயங்குகிறவர்கள் அநேகம். "அது மருந்தா என்ன, சும்மா பொடிதானே" என்பது வழக்கமான பதில். முதல் சிகிச்சை அந்தப் பொடியை நிறுத்துவதுதான். அளவு மிக அதிகமானால் உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து தருவார்கள். மிச்சப் பொடியையும் காலி டப்பாவையும் வீசிவிடாமல் எடுத்துப்போனால் அதையே ஆய்வகத்தில் சோதிக்க முடியும். பேட்ச் எண் இருந்தால், அதே பேட்சை வாங்கிய மற்றவர்களைத் தேடவும் முடியும்.